5.0, 5.1, 5.3: ஒரே பழுப்பு, மூன்று பெட்டிகள். எதை எடுப்பது?

ஹேர் டை அடுக்கின் முன்னால் நிற்கும்போது வரும் குழப்பம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. கையில் மூன்று பெட்டிகள். மூன்றிலும் பழுப்பு முடியோடு ஒருத்தி சிரிக்கிறாள். மூன்றிலும் "லைட் பிரவுன்" என்றே போட்டிருக்கிறது. வித்தியாசம் மூலையில் இருக்கும் அந்தச் சின்ன எண்ணில் மட்டும்தான்: 5.0, 5.1, 5.3. சரி, எதை எடுப்பது?

எல்லா முடிக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது. அதனால் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் ஒரு நிலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இயற்கையில் கருப்பு அல்லது கரும்பழுப்பு முடி, அங்கங்கே நரை, கொஞ்சம் வெளிர் பழுப்புக்கு வர ஆசை, ஆனால் செம்பட்டையாகிவிடக் கூடாது. இந்த நிலைக்கு அந்த மூன்றையும், பலர் கையிலேயே எடுக்காத நான்காவது பெட்டி ஒன்றையும் சேர்த்துப் பார்ப்போம்.

## எண்ணைப் படிப்பது எப்படி

புள்ளிக்கு முன்னால் இருப்பது லெவல். அதாவது எவ்வளவு கருமை, எவ்வளவு வெளிர். 1 கருப்பு, 3 கரும்பழுப்பு, 4 நடுத்தரப் பழுப்பு, 5 வெளிர் பழுப்பு. 6-இலிருந்து பொன்னிறக் கணக்கு தொடங்கி, 10-இல் மிக வெளிறிய பொன்னிறம் வரும். எண் ஏற ஏற முடி வெளிரும். "பெரிய எண் என்றால் கலர் நன்றாகப் பிடிக்கும்" என்று நினைத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள்; அது தலைகீழ்ப் புரிதல்.

புள்ளிக்குப் பின்னால் இருப்பது டோன். அந்தப் பழுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்வது. 0 என்றால் நேச்சுரல், எந்தப் பக்கமும் சாயாதது. 1 என்றால் ஆஷ், சாம்பல் சாயல். பெரும்பாலும் இதற்குள் நீல நிறமி இருக்கும். 3 என்றால் கோல்டன். புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண் இருந்தால் முதலாவது தூக்கலாகவும் இரண்டாவது மெலிதாகவும் இருக்கும். 5.13 என்பது ஆஷ் ஓங்கி, கோல்டன் எட்டிப் பார்க்கும் பழுப்பு. 5.31 அதன் மறுபக்கம். 5.33 போல ஒரே எண் இரட்டித்தால் அந்த டோன் அழுத்தம். 5.01 போல முதலில் பூஜ்யம் வந்தால், நேச்சுரல்தான் அடித்தளம், ஆஷ் ஒரு கோடு அளவுக்கு மட்டும். இந்த 5.01-ஐ நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

புள்ளிக்குப் பதில் சாய்கோடோ சின்னக் கோடோ போட்டாலும் படிக்கும் முறை இதேதான். எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து போடுபவர்களும் உண்டு: N என்றால் நேச்சுரல், A என்றால் ஆஷ், G என்றால் கோல்டன்.

ஒரு கண்ணிவெடி மட்டும் இருக்கிறது. லெவல் எண் எல்லா நிறுவனத்திலும் ஏறக்குறைய ஒரே பொருள் தரும். டோன் எண் அப்படியில்லை. லோரியல் வரிசையில் 4 என்றால் காப்பர். வெல்லாவில் அதே 4 சிவப்பு. ஷ்வார்ஸ்காஃப் இகோராவில் கோல்டனுக்கு 3 கிடையாது, 5. ஆகவே ஒரு பிராண்டில் பழகிய எண்ணை வேறு பிராண்டில் அப்படியே தேடாதீர்கள். பெட்டியில் எண்ணோடு எழுதியிருக்கும் பெயரையும் படியுங்கள். இந்தக் கட்டுரையில் 1 ஆஷ், 3 கோல்டன் என்ற பரவலான முறையையே வைத்துக்கொள்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: உங்கள் முடியின் சொந்த லெவல் என்ன, பெட்டியின் லெவல் அதிலிருந்து எத்தனை படி தள்ளி இருக்கிறது? மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன், ஏனென்றால் செம்பட்டை பிறப்பது இங்கேதான்.

கருமுடி வெளிரும்போது நேராகக் கருப்பிலிருந்து அழகான பழுப்புக்குப் போவதில்லை. டையோடு கலக்கும் பெராக்சைடு, அதாவது டெவலப்பர், உள்ளே போய்க் கரிய நிறமியை உடைக்க உடைக்க, அடியில் மறைந்திருந்த வெம்மை வெளியே வரும். லெவல் 3, 4 பக்கம் அது சிவப்பு. 5-இல் செவ்வாரஞ்சு. 6-இல் ஆரஞ்சு. 8-ஐ எட்டினால்தான் மஞ்சள். அதாவது நீங்கள் 3-லிருந்து 5-க்கு ஏறினால், பெட்டியில் என்ன டோன் இருந்தாலும், உங்கள் முடி தன் பங்குக்குச் செவ்வாரஞ்சை ஊற்றும். பெட்டியின் எண் சொல்வது நீங்கள் உள்ளே போடும் நிறத்தை. கண்ணாடியில் தெரியப்போவது அதுவும் உங்கள் முடி வெளியே விடும் நிறமும் சேர்ந்த கலவை. 5.0 என்று படித்துவிட்டு "நடுநிலைப் பழுப்பு வரும்" என்று எதிர்பார்ப்பவர் இந்தக் கூட்டலைப் போட மறந்துவிடுகிறார்.

எத்தனை படி ஏற முடியும் என்பதற்கும் எல்லை உண்டு. வீட்டு டை பெட்டிகளில் பெரும்பாலும் 6 சதவீத டெவலப்பர் இருக்கும். 20 வால்யூம் என்று சொல்வது இதைத்தான். அது ஒன்று அல்லது இரண்டு லெவல் தூக்கும். உங்கள் முடி லெவல் 2 என்றால் 5 என்று எழுதிய பெட்டி உங்களை 4 வரைக்கும்தான் கொண்டு போகும், அதுவும் சிவப்போடு. வெயிலில் மட்டும் பழுப்பாகத் தெரியும்.

சொந்த லெவலைப் பார்ப்பதற்கு முழுக் கூந்தலையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கூட்டமாக இருக்கும்போது முடி இருப்பதைவிடக் கருப்பாகத் தெரியும். உச்சிக்குப் பின்னால் வேர்ப்பக்கம் ஒரு மெல்லிய கற்றையைப் பிரித்து, வெள்ளைக் காகிதத்தின் மேல் விசிறிபோல் பரப்பி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அப்போதும் கருப்பாகவே தெரிந்தால் 1 அல்லது 2. ஓரத்தில் பழுப்பு எட்டிப் பார்த்தால் 3. நுனியைப் பார்க்க வேண்டாம், வெயில் அதை ஏற்கெனவே வெளுத்திருக்கும்.

இரண்டாவது கேள்வி: நரை எவ்வளவு, எங்கே? நரைமுடியில் சொந்த நிறமி கிடையாது. அதனால் அது எந்த வெம்மையையும் வெளியே விடாது. பெட்டியில் இருப்பதை அப்படியே காட்டும். ஒரே தலையில் கருமுடியும் நரையும் ஒரே டைக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது: முடியின் நீளத்தில் பழைய டை இருக்கிறதா? டை போட்ட முடியை இன்னொரு டை வெளிரச் செய்யாது. பழைய கருப்பு டையின் மேல் 5.3 போட்டால் பழையது நகராது. வேர் மட்டும் வெளிரும், நீளம் கருப்பாகவே நிற்கும். கருப்பு மருதாணிப் பொடி என்ற பெயரில் விற்கும் கலவைகள் போட்டிருந்தால் சிக்கல் இன்னும் கூடும். அவற்றில் உலோக உப்பு இருந்தால் டெவலப்பரோடு வினைபுரிந்து முடியையே கெடுக்கும்.

நான்காவது: ஆறு வாரம் கழித்து எப்படி இருக்கும்? முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். ஆறு வாரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் கருப்பும் வெள்ளையும் கலந்து வேரில் எட்டிப் பார்க்கும். பெட்டிப் படத்தில் இருக்கும் பெண்ணுக்கு இந்தக் கவலை இல்லை.

## 5.0: நடுநிலை என்று பெயர்

நேச்சுரல் டோனில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று நிறமிகளும் சமன்பட்டு இருக்கும். நரைமுடிக்கு வேண்டியது இதுதான், ஏனென்றால் அதில் மூன்றுமே இல்லை. நரையை மூடுவதில் 5.0-க்கு 5.1-ம் 5.3-ம் ஈடாகாது.

ஆனால் கருமுடியில் அது நடுநிலையாக நிற்காது. லெவல் 3-லிருந்து ஏறும் முடி வெளியே விடும் செவ்வாரஞ்சை அடக்கும் அளவுக்கு அதில் நீலம் இல்லை. விளைவு, வீட்டுக்குள் பழுப்பு, வெயிலில் செம்பழுப்பு. இது மோசம் என்று சொல்லமாட்டேன், பலருக்குப் பிடித்தே இருக்கும். "துளியும் சிவப்பு வேண்டாம்" என்பவருக்கு மட்டும்தான் ஏமாற்றம்.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் வேர் முதல் நுனி வரை பூசினால் நேச்சுரல் டோன் படிந்து படிந்து நுனி கருத்துக்கொண்டே போகும். நான்காவது முறையில் வேர் 5, நுனி 3 என்று ஆகிவிடும். வேருக்கு மட்டும் பூசுங்கள்.

நரை தலையில் பாதிக்கு மேல் இருந்தால் யோசிக்காமல் இதையே எடுக்கலாம். 5.00 என்று இரட்டைப் பூஜ்யம் போட்ட பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. பிடிவாதமான நரைக்கென்றே வருவது அது.

## 5.1: செம்பட்டைக்கு மருந்து, அளவு தவறினால் சாம்பல்

நீலம் ஆரஞ்சை வெட்டும். நிறச் சக்கரத்தில் இரண்டும் எதிரெதிர். முடி விடும் செவ்வாரஞ்சின் மேல் ஆஷ் போய் உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்று, மிஞ்சுவது அமைதியான பழுப்பு. ஆகவே நரையே இல்லாத, டை படாத, லெவல் 3 முடிக்கு "சிவப்பு வேண்டாம்" என்றால் என் கை 5.1-க்குத்தான் போகும். "ஆஷ்" என்ற பெயரைக் கேட்டு முடி சாம்பல் நிறமாகிவிடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. கருமுடியில் அப்படி ஆகாது. அங்கே எதிர்த்துச் சண்டை போட ஆரஞ்சு இருக்கிறது.

ஆரஞ்சு இல்லாத இடத்தில்தான் ஆபத்து. நரைமுடியில் வெட்டுவதற்கு எதுவும் கிடையாது. நீலம் தனியாக நின்று மந்தமான சாம்பலாகவோ சற்றுப் பச்சை ஏறியோ தெரியும். நுனியில் வறண்டு, உறிஞ்சும் தன்மை கூடிப்போன முடியிலும் இதே கதை. அது ஆஷை அளவுக்கு மீறிக் குடித்து, அழுக்குப் படிந்தாற்போல் கருத்துவிடும்.

இன்னொரு செலவு, குளிர்ச்சியான டோன் முதலில் மங்கும். போட்ட வாரம் பிரமாதமாக இருக்கும். ஐந்தாறு வாரத்தில் நீலம் கழுவிப் போய், அடியில் காத்திருந்த வெம்மை மேலே வரும். அடிக்கடி தலைக்கு ஊற்றுபவர்கள் இதைச் சீக்கிரமே பார்ப்பார்கள்.

## 5.3: சிவப்பை மறைக்காது, அணைத்துக்கொள்ளும்

முடி ஏற்கெனவே செவ்வாரஞ்சு விடுகிறது. அதன் மேல் கோல்டனும் சேர்த்தால் வெம்மை இரட்டிப்பு. செம்பட்டை வேண்டாம் என்பவர் இதை எடுக்கவே கூடாது. "கோல்டன் பிரவுன்" என்ற இனிமையான பெயரில் ஏமாந்து எடுப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் மனதில் இருப்பது தேன் நிறம். லெவல் 3 முடியில் இரண்டு படி ஏறி வருவது தேனாக இருக்காது, செம்புப் பாத்திரத்தின் பக்கம் போய் நிற்கும். தேன் நிறத்துக்கு முடி 7 பக்கமாவது வெளிர வேண்டும். அந்த வேலையை இந்தப் பெட்டி செய்யாது.

அப்படியானால் இது யாருக்கு? வெம்மையை விரும்பியே போடுபவருக்கு. அப்புறம், சிதறலாக, மிகக் குறைந்த நரை உள்ளவருக்கும் பொருந்தும். அந்த நரை இழைகள் கோல்டனை வாங்கிக்கொண்டு மினுக்கம்போல் நிற்கும், வேண்டுமென்றே செய்ததுபோலவே தெரியும். மங்கும்போதும் வெம்மையிலிருந்து வெம்மைக்கே போவதால் உறுத்தாது. ஆனால் நரை ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் அந்த இடம் மட்டும் மஞ்சளாகப் பளிச்சிடும்.

## 4.0: கையில் எடுக்காத பெட்டி

கருமுடிக்காரர்கள் பலர் 4-ஐப் பார்த்து "இது கருப்புதானே, எதற்குக் காசு" என்று வைத்துவிடுகிறார்கள். லெவல் 3 முடிக்கு 4 என்பது ஒரே ஒரு படி. ஒரு படி மட்டுமே ஏறுவதால் முடி விடும் சிவப்பும் குறைவு, அதை அடக்க ஆஷும் தேவையில்லை. நரை மூடும். வேர் வளரும்போது கோடு மெலிதாகவே தெரியும். பழைய கருப்பு டை நீளத்தில் இருந்தால் அதோடு ஓரளவு ஒட்டிப்போவதும் இதுதான்.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. இன்று 4 போட்டுவிட்டு அடுத்த மாதம் 5-க்கு ஆசைப்பட்டால், டை போட்ட நீளத்தை இன்னொரு டை தூக்காது. ப்ளீச் அல்லது நிறம் நீக்கும் மருந்துதான் வழி, இரண்டும் முடியை வறட்டும். 5 போட்டவர் 4-க்கு இறங்குவது எளிது. எதிர்த்திசை அப்படியல்ல. மனசு இன்னும் உறுதியாகவில்லை என்றால் இதைக் கணக்கில் எடுங்கள்.

## ஒரே பார்வையில்

லெவல் 3 முடி, 6 சதவீத டெவலப்பர் என்று வைத்துக்கொண்டு:

| | 5.0 | 5.1 | 5.3 | 4.0 |
|---|---|---|---|---|
| கருமுடியில் வருவது | வெயிலில் செம்பழுப்பு | அமைதியான பழுப்பு | செம்புச் சாயல் | அடர் பழுப்பு |
| நரையில் வருவது | பழுப்பு, நன்றாக மூடும் | சாம்பல், சில சமயம் பச்சை | பொன் மஞ்சள் | பழுப்பு, நன்றாக மூடும் |
| மங்கும்போது | மெல்லச் சிவக்கும் | சீக்கிரம் வெம்மை தெரியும் | உறுத்தாது | அதிகம் மாறாது |
| வளரும் வேர் | தெரியும் | தெரியும் | நன்றாகத் தெரியும் | மெலிதாகத் தெரியும் |
| பிறகு வருத்தம் தருவது | நுனி கருப்பது | நரைத் திட்டும் வறண்ட நுனியும் | செம்பட்டை | 5-க்குத் திரும்ப முடியாதது |

உங்கள் முடி 2 என்றால் 5.0, 5.1, 5.3 மூன்றுக்கும் ஒரு படி கருமையையும் கொஞ்சம் கூடுதல் சிவப்பையும் சேர்த்துப் படியுங்கள்.

## ஒரு தலை, மூன்று நிறம்

நாற்பதுகளில் இருக்கும் ஒரு உறவுக்கார அக்கா. வேரில் சொந்த லெவல் 3. இரண்டு நெற்றிப்பொட்டிலும் நரை, அந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். நீளத்தின் கடைசிப் பத்து சென்டிமீட்டரில் போன வருடம் போட்ட கருப்பு டை. "சிவப்பே ஆகாது" என்று யாரோ சொல்லக் கேட்டு 5.1 வாங்கி, வேர் முதல் நுனி வரை ஒரேயடியாகப் பூசிவிட்டார்.

உச்சியில் நிஜமாகவே அழகான பழுப்பு. நெற்றிப்பொட்டில் ஈயம் பூசினாற்போல் சாம்பல். நுனி அதே பழைய கருப்பு, முன்பைவிட மந்தமாக. பெட்டி பொய் சொல்லவில்லை. மூன்று இடத்திலும் அது செய்தது ஒரே வேலைதான். உச்சியில் ஆரஞ்சு இருந்தது, வெட்டியது. நரையில் இல்லை, தனியாக நின்றது. நுனியில் தூக்குவதற்குச் சொந்த நிறமி இல்லை, பழைய சாயத்தின் மேல் இன்னொரு அடுக்காகப் படிந்தது.

ஆறு வாரம் கழித்து வளர்ந்த வேருக்கு என்னிடம் கேட்டார். முன்னால் நான்கு வழி இருந்தன. 5.3 உடனே விலக்கு. 5.0 மட்டும் போட்டால் நரை மூடும், ஆனால் அவர் பயந்த சிவப்பு உச்சியில் வரும். 4.0 பத்திரம், நுனிக்கும் நெருக்கம். ஆனால் உச்சியில் கிடைத்த பழுப்பை விட அவருக்கு மனசில்லை. அவருக்குத் தேவைப்பட்டது நரைக்கு நேச்சுரல் அடித்தளமும் கருமுடிக்கு ஒரு கோடு நீலமும். அதாவது 5.01.

அந்த வரிசையில் 5.01 இல்லை. அதனால் அதே பிராண்டின் அதே வரிசையிலிருந்து 5.0-ம் 5.1-ம் வாங்கி, டியூப் கிரீமைப் பாதிக்குப் பாதி எடை பார்த்துக் கலந்தோம். டெவலப்பரின் அளவு பெட்டித் தாளில் சொன்ன விகிதமேதான். கிரீம் இரண்டு விதம் என்பதற்காக அது மாறாது. வேறு வேறு பிராண்டாக இருந்திருந்தால் கலந்திருக்கவே மாட்டேன்.

தலையில் வைப்பதற்கு முன் இரண்டு கற்றைகளில் மட்டும் பூசிப் பார்த்தோம். காதுக்குப் பின்னால் கருமுடியில் ஒன்று, நெற்றிப்பொட்டின் உட்புறம் நரையில் ஒன்று. ஒரே கற்றையில் பார்ப்பது போதாது. இரண்டு வகை முடி இருந்தால் இரண்டையும் கேட்க வேண்டும். தாளில் சொன்ன முழு நேரமும் விட்டு, கழுவி, நன்றாகக் காயவைத்து, ஜன்னல் ஓரத்தில் பார்த்தோம். ஈரமுடி ஒரு லெவல் கருப்பாகத் தெரியும், அதை நம்பக் கூடாது. தோல் ஒவ்வாமைச் சோதனையை இரண்டு நாள் முன்பே, 48 மணி நேரம் விட்டு முடித்திருந்தார். முன்பு ஒத்துக்கொண்ட டை என்றாலும் அதை விட முடியாது.

கருமுடிக் கற்றை பழுப்பு, வெயிலில் மட்டும் ஒரு நூல் அளவு வெம்மை. நரைக் கற்றையும் பழுப்பு, சற்று வெளிர். அக்காவுக்குச் சம்மதம். பூசும்போது நரை இருந்த நெற்றிப்பொட்டில் தொடங்கினோம், அங்கேதான் நிறம் ஏற நேரம் பிடிக்கும். பிறகு உச்சி. நீளத்தைத் தொடவே இல்லை. நுனிக் கருப்பு வெட்டுகிறபோது தானாகப் போகட்டும் என்று விட்டுவிட்டோம். இப்போது அதில் ஐந்து சென்டிமீட்டர்தான் பாக்கி.